பழைய பைக்குக்கு ஒயில் மருந்து ஊற்றலாமா?

என் மனைவியின் தம்பி நானுஓயாவில் இருக்கிறான். வேலை நுவரெலியாவில். போக 8 கிலோமீற்றர், வர 8 கிலோமீற்றர், பெரும்பாலும் ஏற்றமும் இறக்கமும்தான். அவன் ஓட்டுவது 2006ஆம் ஆண்டு வாங்கிய 100 சிசி ஹீரோ ஹோண்டா. மீற்றரில் 80,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. போன வருடம் ஒருநாள் ஹட்டனுக்கு என்னிடம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "அத்தான், மருந்து ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் நோயே வந்திருக்கிறது" என்றான்.

நடந்தது இதுதான். ஒயில் மாற்றப் போன இடத்தில் பழைய ஒயிலைப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒரே கறுப்பாக இருக்கிறது, ஃப்ளஷ் போட்டுக் கழுவ வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். 300 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை முழுவதும் எஞ்சினுக்குள் ஊற்றி, கால் மணி நேரம் ஓடவிட்டு வடித்திருக்கிறார்கள். பிறகு புது ஒயிலோடு, எஞ்சினுக்குள் உராய்வைக் குறைக்கும் என்று சொல்லி ஒரு சின்ன அடிட்டிவ் போத்தலையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு நாளில் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. ஒரு வாரத்தில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் டிக் டிக் என்று சத்தம்.

நான் 18 வருடமாக இந்தப் பக்கத்தில் பைக் பழுது பார்க்கிறேன். இந்த இரண்டு போத்தல்களைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். அவனுடைய வண்டியையே உதாரணமாக வைத்துச் சொன்னால் விஷயம் எளிதாகப் புரியும்.

ஒயிலுக்குள்ளேயே இருக்கும் மருந்து

கடையில் வாங்கும் எஞ்சின் ஒயில் வெறும் எண்ணெய் இல்லை. அடிப்படை எண்ணெயோடு பல இரசாயனங்களைக் கலந்துதான் அதை டின்னில் அடைக்கிறார்கள். ஒயிலைப் பொறுத்து, பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை இந்தச் சேர்மானங்கள் இருக்கும். அதாவது நாம் ஒரு லீற்றர் நல்ல ஒயில் வாங்கும்போதே அடிட்டிவுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

அதில் மூன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது சவர்க்காரம் மாதிரியான ஒன்று. சூடான உலோகத்தில் கரி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், எரிபொருள் எரிவதால் வரும் அமிலத்தையும் முறித்துவிடும். இரண்டாவது, அழுக்குத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் ஒயிலில் மிதக்க வைப்பது. மூன்றாவது, துத்தநாகமும் பொஸ்பரசும் சேர்ந்த ஒரு பொருள். வால்வுகளைத் திறக்கும் கேமும் ரொக்கர் ஆர்மும் உரசும் இடம் மாதிரி அழுத்தமும் சூடும் கூடிய இடங்களில் இது உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, உலோகத்துக்குப் பதில் தானே தேயும்.

இரண்டாவதைக் கவனியுங்கள். அழுக்கை மிதக்க வைப்பது அதன் வேலை என்றால், ஒயில் கறுப்பாகத்தானே வர வேண்டும்? ஒயில் கறுத்துப் போவது அது தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதன் அடையாளம். வடிக்கும்போது அந்தக் கறுப்பும் சேர்ந்து வெளியே போய்விடுகிறது. கறுப்பைக் காட்டி ஃப்ளஷ் விற்பது, பாத்திரம் துலக்கிய தண்ணீர் அழுக்காக இருக்கிறது என்பதற்காகப் பாத்திரத்தை மறுபடி துலக்கச் சொல்வது மாதிரி. பார்க்க வேண்டியது ஒயிலின் நிறத்தை இல்லை. ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். சுவரில் விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குத் தார் போலப் படிந்திருந்தால்தான் கசடு. வெறும் கறுத்த ஒயில் கசடு ஆகாது.

இந்தச் சேர்மானங்களை ஒயில் தயாரிப்பவர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் அளவில் கலக்கிறார்கள். இவற்றில் பல உலோகத்தின் அதே மேற்பரப்பில் இடம் பிடிக்கத்தான் போட்டி போடுகின்றன. வெளியிலிருந்து ஒன்றைக் கூடுதலாக ஊற்றினால் அது மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். உப்பு அளவாகப் போட்ட குழம்பில் யாரோ வந்து இன்னொரு கை உப்பு போடுவதுதான் அது.

ஒரே ஒயில், மூன்று வேலை

ஃப்ளஷ் போத்தலிலும் அடிட்டிவ் போத்தலிலும் இருக்கும் குறிப்புகள் பெரும்பாலும் காரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சாதாரண காரில் எஞ்சினுக்கு ஒரு ஒயில், கியர்பெட்டிக்கு வேறு ஒயில். கிளச் காய்ந்தபடி வெளியே இருக்கும். ஒயிலை வடிகட்டக் காகித ஃபில்டர் இருக்கும்.

நம் 100 சிசி பைக்கில் அப்படி இல்லை. எஞ்சினை நனைக்கும் அதே ஒயில்தான் கியர் பற்களையும் நனைக்கிறது, அதே ஒயிலில்தான் கிளச் தட்டுகளும் மூழ்கிக் கிடக்கின்றன. நான்கு ஸ்ட்ரோக் ஆட்டோவிலும் கிளச் இப்படி ஒயிலுக்குள்தான் இருக்கிறது. அப்புறம், பழைய ஹோண்டா வகை 100 சிசி எஞ்சின்களில் காகித ஃபில்டரே கிடையாது. வலது பக்க மூடிக்குள், அடியில் ஒரு கம்பி வலை இருக்கும். பிஸ்டன் சுழற்றும் கிராங்கின் முனையில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஒயில் அதற்குள் போகும்போது சுழற்சி வேகத்தில் கனமான அழுக்கு வெளிச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் ஈரக் களிமண் போல அப்பியிருக்கும். ஒயில் மாற்றும்போது இந்த இரண்டும் தானாகச் சுத்தமாகாது. மூடியைக் கழற்றிக் கையால்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

நம் வண்டிகளில் ஃப்ளஷும் அடிட்டிவும் செய்யும் கெடுதி பெரும்பாலும் இந்த இரண்டு விஷயங்களிலிருந்துதான் வருகிறது.

ஃப்ளஷ் என்ன செய்தது

ஃப்ளஷ் போத்தலில் இருப்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய் மாதிரியான இலேசான கரைப்பானும், கூடவே கொஞ்சம் சவர்க்காரச் சேர்மானமும்தான். பழைய ஒயிலோடு அதைக் கலந்து, வண்டியை ஓட்டாமல் நிறுத்திய இடத்தில் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு வடிக்கச் சொல்வார்கள். முன்பு சிலர் மண்ணெண்ணெயையே ஊற்றிக் கழுவுவார்கள். கிட்டத்தட்ட அதே யோசனைதான்.

மச்சானின் வண்டியில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சினை முழுவதும் கழற்றிப் பூட்டினால் சுமார் 900 மில்லிலீற்றர் ஒயில் பிடிக்கும். ஆனால் ஒயில் மாற்றும்போது வடிவது சுமார் 750தான். மீதி 150 கியர்பெட்டியின் மூலைகளிலும் ஹெட்டிலும் துளைகளிலும் தங்கிவிடும். 900இல் 300 மில்லிலீற்றர் ஃப்ளஷ் ஊற்றினால் மொத்தம் 1,200. அதில் கால் பங்கு கரைப்பான். அந்தக் கால் மணி நேரமும் கிராங்கின் பெரிய முனை பெயாரிங்கும் கியர்களும் கால் பங்கு மண்ணெண்ணெய் கலந்த மாதிரியான ஒயிலில்தான் சுற்றின. பாரம் இல்லாமல் ஓடியதால் உடனே ஒன்றும் உடையவில்லை. ஆனால் கிழவனைப் பட்டினி போட்டு நடக்கவிட்ட மாதிரிதான்.

வடித்த பிறகு தங்கிய 150இல் கால் பங்கு, அதாவது சுமார் 37 மில்லிலீற்றர் கரைப்பான், உள்ளேயே இருந்துவிட்டது. புதிதாக ஊற்றிய 750 ஒயில் அதோடு சேர்ந்தது. ஆக, புது ஒயிலில் நூற்றுக்கு நான்கு பங்கு கரைப்பான். ஒயிலில் பெற்றோல் இந்த அளவுக்குக் கலந்திருந்தாலே மாற்றிவிட வேண்டும் என்பார்கள். புது ஒயில் ஊற்றிய அன்றே அது அரைப் பழசாகிவிட்டது. நன்றாக நீண்ட தூரம் சூடேறி ஓடினால் கரைப்பானில் கொஞ்சம் ஆவியாகிப் போகும். ஆனால் இவன் ஓடுவதோ எட்டே கிலோமீற்றர்.

இது சின்னக் கெடுதி. பெரிய கெடுதி கசடில்தான் இருக்கிறது. பல வருடமாகச் சுவரில் ஒட்டியிருந்த கரியும் கசடும் ஃப்ளஷ் பட்டவுடன் முழுவதும் கரைந்துவிடுவதில்லை. ஓரங்களில் இளகி, செதிலாகப் பெயரும். கரைந்தது வடியும், பெயர்ந்த செதில் வடியாது. அது ஒயிலோடு ஓடிப்போய்க் கம்பி வலையில் படியும். நாங்கள் வலது பக்க மூடியைக் கழற்றியபோது வலையின் பாதிக்கும் மேல் கறுப்புச் செதில்களால் மூடிக் கிடந்தது. பம்புக்குப் போக வேண்டிய ஒயில் குறைந்து, பாதையின் கடைசியில் இருக்கும் ஹெட்டுக்குத்தான் முதலில் பஞ்சம் வந்திருக்கிறது. டிக் டிக் சத்தத்தின் காரணம் அதுதான்.

இதை மூடியைக் கழற்றாமலே சந்தேகிக்க ஒரு வழி உண்டு. எஞ்சின் கொஞ்சம் சூடானதும் மேலே வால்வு இடைவெளியை, அதாவது டேப்பட்டை, சரிசெய்யும் சின்ன மூடியைக் கழற்றி, மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். உள்ளே ரொக்கர் பளபளவென்று நனைந்து ஒயில் தெறிக்க வேண்டும். காய்ந்த மாதிரி இருந்தால் உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் கேம் தேய்ந்துபோகும்.

சரி, ஃப்ளஷ் எப்போதாவது பயன்படுமா என்றால், ஒழுங்காக ஒயில் மாற்றிய எஞ்சினுக்கு அது தேவையில்லை. பல வருடம் ஒயிலே மாற்றாத எஞ்சினுக்கு அது ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவே மெல்லிய கோடு மாதிரி ஒரு இடம் இருக்கிறது. காகித ஃபில்டர் உள்ள கார் எஞ்சின், கசடு இலேசாகத்தான் படிந்திருக்கிறது, ஃப்ளஷ் போட்டவுடன் ஒயிலோடு ஃபில்டரையும் மாற்றப்போகிறீர்கள், போத்தலில் சொன்ன அளவையும் நேரத்தையும் மீறப்போவதில்லை என்றால், பெரிய கெடுதி வராது. பழைய ஆல்டோவுக்கு அப்படி யாராவது செய்தால் நான் தடுக்க மாட்டேன். பைக்குக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏற்றத்தில் வழுக்கிய கிளச்

மச்சானின் முதல் புகார் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்பது. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது மூன்றாவது கியரில் ஆக்சலரேட்டரை முறுக்கினால் எஞ்சின் கத்துகிறது, வேகம் மட்டும் கூடவில்லை. இது பவர் குறைவதில்லை, கிளச் வழுக்குவது. பவர் குறைந்தால் எஞ்சின் சத்தமும் சேர்ந்து அமுங்கும். கிளச் வழுக்கினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது.

முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும். கிளச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை தளர்வு இருக்க வேண்டும். அது இல்லாமல் கேபிள் இறுகியிருந்தாலும் இதே கோளாறு வரும். அவன் வண்டியில் தளர்வு சரியாகவே இருந்தது. அப்படியென்றால் காரணம் ஒயிலில்.

உராய்வைக் குறைப்பதாகச் சொல்லும் அடிட்டிவ்களில் பலவற்றில் மொலிப்டினம் சேர்ந்த பொருளோ வேறு வழுக்கும் பொருளோ இருக்கும். கேமுக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆனால் கிளச் தட்டுகள் பிடிப்பதே உராய்வால்தான். தட்டும் ஒயிலில்தான் ஊறிக் கிடக்கிறது. உராய்வைக் குறைக்கும் பொருளுக்குக் கேம் எது, கிளச் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கொழும்பின் சமதரையில் மெதுவாக ஓட்டுபவருக்கு இது தெரியாமலே போகலாம். நம் ஏற்றத்தில், பின்னால் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு போகும்போது உடனே தெரிந்துவிடும்.

பைக் ஒயிலுக்கென்றே ஜப்பானில் 1998இல் ஒரு தரம் வகுத்தார்கள். டின்னின் பின்பக்கத்தில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருந்தால், ஒயிலில் நனையும் கிளச் வழுக்காத அளவுக்கு உராய்வு உள்ள ஒயில் என்று அர்த்தம். எம்பி என்று இருந்தால் உராய்வு குறைந்தது. அது ஒயிலில் கிளச் நனையாத ஸ்கூட்டருக்கு. டின் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த எழுத்தைத்தான். கார் ஒயில் மலிவாகக் கிடைக்கிறது என்று பைக்குக்கு ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். எரிபொருளை மிச்சப்படுத்தும் என்ற முத்திரையோடு வரும் மெல்லிய கார் ஒயில்களில் உராய்வு குறைக்கும் பொருள் கலந்திருக்கலாம். அதனால் அவை பைக்குக்கு ஆகாது.

எம்ஏ ஒயிலை வாங்கி அதற்குள் உராய்வு குறைக்கும் போத்தலை ஊற்றினால், அந்த எழுத்துக்கு அர்த்தமே போய்விடுகிறது. மச்சானுக்கு நடந்தது அதுதான்.

வழுவழுப்பான வெள்ளைத் தூள் கலந்த அடிட்டிவ்களும் உண்டு. ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் அதே பொருள்தான். எஞ்சினுக்குள் போய் உலோகத்தில் பூச்சாக ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி விற்றார்கள். தோசைக்கல்லில் அதை ஒட்ட வைக்க உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, மிகக் கூடிய சூட்டில் சுட்டெடுக்க வேண்டும். ஒயிலில் மிதந்துகொண்டு போகும் தூளுக்கு அந்த வாய்ப்பு எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இந்த வகை அடிட்டிவ் ஒன்றின் விளம்பரத்தின் மேல் 1996இல் நடவடிக்கை எடுத்தது. ஆதாரம் இல்லாமல் தேய்மானம் குறையும் என்று சொல்லக் கூடாது என்று அடுத்த வருடம் அந்த விவகாரம் முடிந்தது. துகள் கலந்த எதையும் நான் பைக்கில் ஊற்றுவதில்லை. நம் வண்டியில் சுழலும் கிண்ணம் கனமான துகளைப் பிடித்து வைக்கத்தானே இருக்கிறது? காசு கொடுத்து வாங்கியதில் பாதி அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு வகை தேன் மாதிரித் தடித்தது. அது ஒயிலைத் தடிமனாக்கும். அதனால் சத்தமும் புகையும் சில நாள் அமுங்கும். தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருக்கும். நுவரெலியாவில் தை மாதக் காலையில் குளிர் சில சமயம் புல்லில் உறைபனி விழும் அளவுக்கு இறங்கும். அந்தக் குளிரில் தடித்த ஒயில் ஹெட்டுக்கு ஏறத் தாமதமாகும். எஞ்சின் அதிகம் தேய்வது குளிர்ந்து கிடந்து ஸ்டார்ட் ஆகும் அந்த நேரத்தில்தான். விற்கப்போகிற வண்டிக்கு இதை ஊற்றுவார்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நான் பாதி ஆதரவு. இறுகிப்போன ரப்பர் சீலைக் கொஞ்சம் இளக வைத்து ஊத வைக்கும் அடிட்டிவ். சீல் வயதால் இறுகி இலேசாகக் கசிந்தால், இது சில மாதம் கசிவைக் குறைக்கும். சீலின் விளிம்பே தேய்ந்திருந்தால் எதுவும் ஆகாது. திரும்பத் திரும்ப ஊற்றினால் ரப்பர் அளவுக்கு மீறி மெதுத்துவிடும். அதிலும் உராய்வு குறைக்கும் பொருள் கலந்திருக்கிறதா, ஒயிலில் நனையும் கிளச்சுக்கு ஏற்றதா என்று போத்தலில் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நாங்கள் செய்தது

முதலில் எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஒயிலை வடித்தோம். வலது மூடியைக் கழற்றி, கம்பி வலையை உருவி எடுத்து மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கியால் தேய்த்தோம். எஞ்சினுக்கு வெளியே மண்ணெண்ணெயால் கழுவுவதில் தவறே இல்லை. காய்ந்த பிறகு பூட்டினால் சரி. கிராங்க் முனையிலிருந்த கிண்ணத்தின் மூடியைக் கழற்றி, உள்ளே அப்பியிருந்ததை மரக் குச்சியால் சுரண்டி எடுத்தோம். துணியால் துடைத்தால் நூல் உள்ளே போய்விடும் என்பதைக் கவனிக்க வேண்டும். கிளச் தட்டுகளை எடுத்துப் பார்த்தோம். தடிமன் போதுமானதாக இருந்தது, மேற்பரப்பு மட்டும் மினுமினுப்பாக இருந்தது. மூடிக்குப் புது கேஸ்கெட் போட்டு, எம்ஏ ஒயில் ஊற்றினோம்.

ஒரு தடவை மாற்றியதால் பழைய அடிட்டிவ் முழுவதும் போய்விடாது. தங்கும் 150 மில்லிலீற்றரில் அதுவும் இருக்கும். அதனால் 300 கிலோமீற்றர் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றச் சொன்னேன். முதல் மாற்றத்தோடு அடிட்டிவில் ஆறில் ஒரு பங்கு மீந்தது. இரண்டாவதோடு அது முப்பத்தாறில் ஒரு பங்காகிவிட்டது. இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு கிளச் வழுக்குவது நின்றது. தட்டுகள் கருகியிருந்தால் இப்படித் திரும்பி வந்திருக்காது, புதுத் தட்டுகள்தான் போட்டிருக்க வேண்டும். ஹெட் சத்தமும் நின்றது, டேப்பட்டை ஒருமுறை சரிசெய்ததோடு சரி.

இரண்டாவது தடவை வடித்த ஒயிலும் கறுப்பாகத்தான் வந்தது. உள்ளே மீந்திருந்த கசடை அந்த ஒயில் மெதுவாகக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறது. பழைய எஞ்சினைச் சுத்தம் செய்ய நான் நம்பும் வழி இதுதான். நல்ல ஒயிலை ஊற்றி, வழக்கத்தைவிடச் சீக்கிரம் இரண்டு மூன்று தடவை மாற்றுவது. செதிலாகப் பெயர்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஃப்ளஷ் போத்தலுக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு தடவைக்கு ஒயில் வாங்கலாம்.

அப்புறம் அவன் முதலில் எதற்காக மருந்து தேடினான் என்று கேட்டேன். ஒயில் குறைகிறதாம், நீலப் புகை வருகிறதாம். எவ்வளவு குறைகிறது என்றால் தெரியவில்லை. அளக்காமல் மருந்து தேடுவதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அளப்பது எளிது. வண்டியைச் சமதளத்தில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நம் ஊரில் சமதளம் கிடைப்பதே கஷ்டம், அதனால் அளக்கும் இடத்தை ஒரே இடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒயில் குச்சியைத் துடைத்து, மரையில் சுற்றாமல் வெறுமனே வைத்து எடுத்து, மேல் கோடு வரை ஒயில் ஊற்றுங்கள். 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு அதே இடத்தில், மருந்துக் கடை சிரிஞ்சால் மேல் கோடு வரை மறுபடி ஊற்றி, எத்தனை மில்லிலீற்றர் போனது என்று எழுதி வையுங்கள். மச்சானின் வண்டி 500 கிலோமீற்றருக்கு 180 குடித்தது.

அடுத்து, எங்கே போகிறது? இதைக் கண்டுபிடிக்க மலைநாட்டில் நமக்கு நல்ல வசதி இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் நீண்ட இறக்கத்தில் இறங்கச் சொன்னேன், நான் பின்னால் இன்னொரு பைக்கில் போனேன். கியரில் வைத்து, ஆக்சலரேட்டரை மூடியபடி இறங்கும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சும் விசை கூடும். வால்வுத் தண்டின் சீல் இறுகியிருந்தால் மேலேயிருந்து ஒயிலை அது உள்ளே இழுத்துவிடும். இறக்கம் முடிந்து ஆக்சலரேட்டரைத் திறந்தவுடன் ஒரு பெரிய நீலப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் கதை வேறு. ஏறும்போது, இழுக்க இழுக்கப் புகை விடாமல் வந்துகொண்டே இருக்கும்.

அவன் வண்டி இறக்கத்தின் முடிவில் ஒரே ஒரு முறை பெரிதாகப் புகைத்துவிட்டு நின்றது. திரும்பி ஏறும்போது புகை மிகக் குறைவு. ஆக, வால்வு சீல். ஹெட்டைக் கழற்றி இரண்டு வால்வுக்கும் புதுச் சீல் போட்டு, வால்வுகளையும் அரைத்துப் பூட்டினோம். அடுத்த 500 கிலோமீற்றருக்கு அளந்தபோது 40 மில்லிலீற்றர்தான் குறைந்திருந்தது. ரிங் தேய்ந்திருந்தால் சிலிண்டரைப் பெரிதாக்கி வேறு பிஸ்டன் போடுவதுதான் வழி. எந்தப் போத்தலும் தேய்ந்த உலோகத்தைத் திரும்ப வளர்க்காது.

இங்கே கசடு ஏன் சீக்கிரம் வருகிறது

ஒன்று பாக்கி இருந்தது. ஒயில் குச்சியிலும் மூடியின் உட்புறத்திலும் வெள்ளையாக, பால் ஏடு மாதிரிப் படிந்திருந்தது. பார்த்தவர்கள் பயந்து ஃப்ளஷ் கேட்பார்கள். அது ஒயிலில் கலந்த தண்ணீர்.

பெற்றோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி, குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும். இவன் ஓடுவது 8 கிலோமீற்றர், கால் மணி நேரம்கூட இல்லை. அதுவும் குளிரில், பாதித் தூரம் சோக்கை இழுத்துவிட்டபடி. தண்ணீரும் எரியாத பெற்றோலும் நாளுக்கு நாள் ஒயிலில் சேர்ந்துகொண்டே போகும். நுவரெலியா 1,850 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. கடற்கரையோடு ஒப்பிட்டால் காற்றின் அழுத்தம் அங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழ்நாட்டுக்குச் சரியாக வைத்த கார்புரேட்டர் இங்கே காற்றுக்கு அளவுக்கு மீறிப் பெற்றோலைக் கொடுக்கும். பிளக் கறுப்பாக, கரி பூசிய மாதிரி இருந்தால் அதுதான் காரணம். அந்தக் கரியும் ஒயிலுக்குத்தான் வந்து சேர்கிறது.

அதனால் கார்புரேட்டரைத் துடைத்து, பெற்றோல் போகும் துளையுள்ள மெயின் ஜெட்டை ஒரு அளவு சின்னதாக மாற்றினோம். பிளக் இப்போது இளம் தவிட்டு நிறத்தில் இருக்கிறது. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இந்த ஜெட்டோடு கொழும்புப் பக்கம் இறங்கி நீண்ட தூரம் ஓட்டக் கூடாது. அங்கே பெற்றோல் போதாமல் எஞ்சின் மிதமிஞ்சிச் சூடாகும். பழைய ஜெட்டைச் சின்னப் பையில் போட்டு டூல் பெட்டியில் வைத்திருக்கிறான்.

ஒயில் மாற்றும் தூரத்தையும் குறைக்கச் சொன்னேன். சமதரையில் ஒரே ஓட்டமாகப் போகிறவர் கைந்நூலில் சொன்ன தூரம் வரை போகலாம். குளிரில் எட்டு எட்டுக் கிலோமீற்றராக ஓட்டுபவருக்கு அதில் பாதி. அவன் 1,500 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுகிறான். வடித்த ஒயிலை ஒரு கலனில் சேர்த்து எனக்குக் கொண்டுவந்து தருவான், தோட்டத்துக் கானுக்குள் ஊற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். எஞ்சின் நன்றாகச் சூடேறித் தண்ணீர் ஆவியாகட்டும் என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் தலவாக்கலையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அதே பைக்கில் போய் வருகிறான். போன வாரம் மூடியைக் கழற்றிக் காட்டினான். வெள்ளை ஏடு இல்லை, உள்ளே சுவர் தேன் நிறத்தில் தெரிந்தது.